குடித்தவர் உளறுகிறார் என்றால் முதலில் மீட்டரை எடுங்கள்: சர்க்கரை மாத்திரையும் மதுவும்

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்ளும் ஒருவர் குடித்துவிட்டு வருகிறார். உளறுகிறார், தள்ளாடுகிறார், எரிந்து விழுகிறார், படுக்கையில் சாய்கிறார். "போதை தெளியட்டும், தூங்க விடுங்கள்" என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் எழும் பேச்சு. ரத்தத்தில் சர்க்கரை 40க்கு இறங்கியிருந்தாலும் மனிதர் இதே போலத்தான் இருப்பார். குளுக்கோஸ் கிடைக்காத மூளையும் மதுவில் மூழ்கிய மூளையும் வெளியே காட்டுவது ஒரே குழறல், ஒரே தடுமாற்றம். வாயில் மது வாடையும் அடித்தால் யாரும் வேறு எதையும் யோசிப்பதில்லை. தூங்க விடப்பட்டவர் வலிப்புக்கோ மயக்கத்துக்கோ போகலாம், உயிரும் போகலாம்.

என் சித்தப்பாவுக்கு இது நடந்த பிறகு எங்கள் வீட்டில் வகுத்துக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். குளுக்கோமீட்டரில் பார்க்க உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். குடிக்கலாமா கூடாதா என்பதை அவரவர் மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டும்.

படி 1: மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கம் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. கிளிமிப்பிரைடு, கிளிக்லசைடு, கிளிப்பிசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்கானது. இவை கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லி உந்துபவை. சாப்பிட்டீர்களா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே ஆபத்துதான்.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இப்படி இறங்குவது அரிது. ஆனால் "எனக்கு வெறும் மெட்ஃபார்மின்தான்" என்று சொல்பவர்களில் பலர் விழுங்குவது கூட்டு மாத்திரை. அதற்குள் கிளிமிப்பிரைடு இருக்கும். அதனால் வாய்ச்சொல்லை நம்பாமல் அட்டையைப் பாருங்கள். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற பெயர் இருந்தால் தனியாகக் குறித்துவையுங்கள். படி 4இல் அது தேவைப்படும்.

படி 2: கல்லீரல் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்திலும் தூக்கத்திலும் ரத்தத்துக்குக் குளுக்கோஸ் கொடுப்பது பெரும்பாலும் கல்லீரல்தான். தன்னிடம் கிளைகோஜனாகச் சேர்த்துவைத்திருப்பதை உடைத்துக் கொடுக்கும். அது குறையக் குறைய, லாக்டேட், அமினோ அமிலம் போன்றவற்றிலிருந்து புதிதாகத் தயாரித்துக் கொடுக்கும். மது இந்த இரண்டாவது வேலையை நிறுத்திவிடுகிறது. ஆல்கஹாலை உடைக்கும்போது என்.ஏ.டி. என்ற துணைப்பொருள் வேகமாகச் செலவாகிறது. புதிய குளுக்கோஸ் தயாரிக்கவும் அதுவே வேண்டும் என்பதால் அந்தத் தயாரிப்பு முடங்குகிறது. நன்றாகச் சாப்பிட்டவரைச் சேமிப்பு கொஞ்ச நேரம் காப்பாற்றும். சாப்பிடாதவரிடம் அந்தச் சேமிப்பும் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதே நேரத்தில் மாத்திரை இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கிறது. வரவு நின்றுவிட்டது, செலவு நிற்கவில்லை.

இது எவ்வளவு நேரம் நீடிக்கும்? ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. நம் ஊர் பிராந்தி, விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். எடையாகக் கணக்கிட்டால் சுமார் 60 கிராம். கல்லீரல் மணிக்குத் தோராயமாக 7 முதல் 10 கிராம் வரைதான் தீர்க்கும். இரவு 9.30க்குள் ஒரு குவாட்டரை முடித்தவரின் கல்லீரல் அதிகாலை வரை அதிலேயே கிடக்கும். கிளிமிப்பிரைடின் வேலையோ ஏறக்குறைய ஒரு நாள் நீடிக்கும். ஆகவே ஆபத்து குடிக்கிற நேரத்தைவிட விடியற்காலையில்தான் அதிகம்.

சித்தப்பாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. காலையும் இரவும் ஒரு கூட்டு மாத்திரை. அதில் கிளிமிப்பிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி., வோக்லிபோஸ் 0.2 மி.கி. ஒரு திருமண வரவேற்பு அன்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு, குவாட்டரை முடித்து, வறுத்த கோழியும் வேர்க்கடலையும் கொறித்தார். பந்தியில் உட்காரவில்லை. 11 மணிக்கு வீடு திரும்பியபோது தெளிவாகவே பேசினார். 3 மணிக்குச் சித்தி எழுப்பியபோது பனியன் வியர்வையில் நனைந்திருந்தது. அவளையே யாரென்று தெரியாமல் திட்டினார். மீட்டரில் 46.

படி 3: போதையா, சர்க்கரையா?

பார்த்துச் சொல்ல முடியாது. சில தடயங்கள் உண்டு: குளிர்ந்த வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி. ஆனால் மது இவற்றை உணரவிடாமல் மழுக்கிவிடும். ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால், புரோப்ரனோலால் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் வராமலேகூடப் போகலாம். வியர்வை மட்டும் மிஞ்சும்.

நான் பெரிதும் நம்பும் தடயம் நேரம். குடிப்பதை நிறுத்தியபின் போதை மணிக்கு மணி தெளிய வேண்டும். 11 மணிக்குத் தெளிவாக இருந்தவர் 3 மணிக்குக் குழறினால் அதைப் போதை என்று ஒதுக்கக் கூடாது.

முடிவைச் சொல்வது மீட்டர்தான். 70க்குக் கீழ் என்றால் உடனே கவனிக்க வேண்டும். 54க்குக் கீழ் என்றால் நிலைமை மோசம். திரையில் "LO" என்று வந்தால் அளக்க முடியாத அளவுக்குக் கீழே போய்விட்டது என்று பொருள். அதைப் பார்த்துவிட்டு மீட்டர் கெட்டுவிட்டது என்று ஓரமாக வைத்துவிடாதீர்கள். குத்துவதற்கு முன் விரலைத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். ஜிலேபியோ பழமோ தொட்ட விரலில் மீட்டர் பொய்யாக அதிகம் காட்டும், நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள்.

மீட்டர் இல்லை, ஆனால் விழுங்க முடிகிறது என்றால் சர்க்கரை இறங்கியதாகவே எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள். வெறும் போதையாக இருந்தாலும் அந்த ஒரு தம்ளர் குளுக்கோஸ் அவருக்குக் கெடுதல் செய்யாது.

படி 4: எதைக் கொடுப்பது

வழக்கமான விதி எளியது. 15 கிராம் அளவு குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். வீட்டுக் கணக்கில் மூன்று தேக்கரண்டி. 15 நிமிடம் கழித்து மீண்டும் மீட்டரில் பார்த்து, 70ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். மூன்று தேக்கரண்டி சாதாரணச் சர்க்கரையும் பெரும்பாலானவர்களுக்கு இதே வேலையைச் செய்யும்.

சித்தப்பாவுக்குச் செய்யவில்லை. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து 15 நிமிடம் கழித்துப் பார்த்தால் 49. தெரிந்த மருத்துவர் ஒருவரைத் தொலைபேசியில் எழுப்பினோம். "மாத்திரையில் வோக்லிபோஸ் இருக்கிறதா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

நாம் டீயில் போடும் சர்க்கரை இரண்டு மூலக்கூறுகள் ஒட்டிய பொருள். குடலில் அது பிளந்த பிறகுதான் குளுக்கோஸ் ரத்தத்தில் சேரும். வோக்லிபோஸும் அகார்போஸும் அந்தப் பிளவைத்தான் தாமதப்படுத்துகின்றன. அவற்றின் வேலையே அது. வெல்லமும் மிட்டாயும் சோறும் ரொட்டியும் அவர்களுக்கு மெதுவாகத்தான் ஏறும். தனிக் குளுக்கோஸுக்குப் பிளவு தேவையில்லை. நேராக உள்ளே போகும். பேரனுக்கு வாங்கிவைத்திருந்த குளுக்கோஸ் பொடியைக் கரைத்துக் கொடுத்ததும் அடுத்த அளவில் 78 வந்தது. பேச்சும் திரும்பியது.

அதனால் யாருக்காக இருந்தாலும் குளுக்கோஸ் பொடியே என் தேர்வு. மலிவு, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும், எல்லா மாத்திரைக்காரர்களுக்கும் வேலை செய்யும். சாக்லேட்டும் ஐஸ்கிரீமும் வேண்டாம். கொழுப்பு சேர்ந்தால் சர்க்கரை ஏறுவது தாமதமாகும்.

எண் ஏறியதும் படுத்துவிடாதீர்கள். இட்லி, ரொட்டி, சோறு என ஏதாவது சாப்பிடவைத்து, அன்று இரவே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கிளிமிப்பிரைடு வகை மாத்திரை உடலில் இருக்கும்வரை சர்க்கரை மீண்டும் இறங்கும். சித்தப்பாவுக்கு மருத்துவமனையில் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியபோதே இன்னொரு முறை இறங்கியது. மறுநாள் முழுவதும் அங்கேயே வைத்துக் கண்காணித்தார்கள்.

படி 5: விழுங்க முடியாத நிலையில்

வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். "சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர், மீட்டரில் இவ்வளவு காட்டுகிறது" என்பதை முதலில் சொல்லுங்கள், குடித்திருப்பதை அடுத்துச் சொல்லுங்கள். இரண்டையும் மறைக்க வேண்டாம். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் குளுக்ககான் ஊசி இருந்தால் போடலாம், ஆனால் அதை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள். அது கல்லீரலில் உள்ள கிளைகோஜனை வெளியே கொண்டுவரும் மருந்து. வெறும் வயிற்றில் குடித்தவரிடம் அந்தச் சேமிப்பே இருக்காது. அவருக்குத் தேவை நரம்பு வழியாக ஏறும் குளுக்கோஸ்.

குடிக்கப்போகிறார் என்று முன்பே தெரிந்தால்

முதல் வாய்க்கு முன் முழுச் சாப்பாடு. கோழி வறுவலில் மாவுச்சத்து இல்லை. சோறோ சப்பாத்தியோ வேண்டும். படுக்கும் முன் மீட்டரில் பாருங்கள். 100க்குக் கீழ் என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் தூக்கம். 3 மணிக்கு அலாரம் வைத்து இன்னொரு முறை பாருங்கள். இனிப்புச் சோடா கலந்து குடித்தவருக்கும் பீர் குடித்தவருக்கும் முதலில் 200க்கு மேல்கூடக் காட்டலாம். அதைப் பார்த்துக் கூடுதல் இன்சுலின் போடாதீர்கள், பின்னால் இறங்கும்போது அதுவும் சேர்ந்து இழுக்கும்.

பிற்சேர்க்கை 1: குடிக்கும் நாளில் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக முடிவெடுக்காதீர்கள். முதல் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலினை நிறுத்தினால் கீட்டோன் ஏறி வேறு ஆபத்து வரும். "குடிக்கும் நாளில் இந்த மாத்திரையை என்ன செய்ய வேண்டும்?" என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டுத்தான் பலர் தாங்களாகவே ஒன்றைச் செய்கிறார்கள்.

பிற்சேர்க்கை 2: கணவர் மறுநாள் காலை நடைப்பயிற்சியில் மயங்கி விழுந்ததாக ஒரு வாசகி எழுதினார். இரவில் தப்பித்துவிட்டால் முடிந்தது என்று நான் எழுதியதாகப் படித்திருக்கிறார், அப்படி இல்லை. குடித்த பிறகு ஒரு நாள் வரையிலும் இந்த இறக்கம் வரலாம், நடந்தால் இன்னும் இறங்கும். மறுநாள் நடைக்கும் வண்டி ஓட்டுவதற்கும் முன்னால் காலை உணவும் ஒரு மீட்டர் அளவும் கட்டாயம்.

பிற்சேர்க்கை 3: தனியாக வெளியே போகிறவர்களுக்காக ஒருவர் சொன்ன யோசனை நன்றாக இருக்கிறது. சட்டைப்பையில் ஒரு அட்டை: "எனக்குச் சர்க்கரை நோய். நான் குளறினால் மீட்டரில் பாருங்கள்." கீழே மாத்திரையின் மருந்துப் பெயர்கள், வீட்டு எண். தெருவில் விழுந்துகிடப்பவரிடம் மது வாடை அடித்தால் போலீஸ்காரரும் ஒதுக்கிவிட்டுப் போகக்கூடும் என்பதால், அட்டையைப் பணப்பைக்குள் மறைக்காமல் கை விட்டதும் தட்டுப்படும்படி வையுங்கள்.