விலை ஏறினால் வாங்காத இண்டெக்ஸ் ஃபண்ட், ஃப்ரீ ஃப்ளோட் ஏறினால் ஏன் வாங்குகிறது?

காகிதமும் கால்குலேட்டரும் போதும். மூன்றே பங்குகள் உள்ள ஒரு கற்பனை இண்டெக்ஸை எடுத்துக்கொள்வோம்.

படி 1: ஃப்ரீ ஃப்ளோட் மதிப்பு

புரமோட்டர், அரசு போன்றோர் விற்காமல் வைத்திருக்கும் பங்குகளைக் கழித்தால், சந்தையில் கைமாறக் கிடைப்பவை மிஞ்சும். அதுதான் ஃப்ரீ ஃப்ளோட்.

```
மொத்தப் பங்குகள் × ஃப்ளோட் % × விலை
```

'அ' நிறுவனத்தில் 100 கோடி பங்குகள், ஃப்ளோட் 40%, விலை 200. ஆக 8,000 கோடி. இதேபோல் கணக்கிட்டதில் 'ஆ' 12,000 கோடி, 'இ' 20,000 கோடி என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: வெயிட்டேஜ்

கூட்டுத்தொகை 40,000 கோடி. அதில் 'அ'வின் விகிதம் 20%. இதுதான் வெயிட்டேஜ். இந்த இண்டெக்ஸை அப்படியே பின்பற்றும் 1,000 கோடி ஃபண்டிடம் 'அ' பங்குகள் 200 கோடிக்கு இருக்கும்.

படி 3: விலை மட்டும் ஏறட்டும்

'அ' விலை 250 ஆகிறது. அதன் ஃப்ளோட் மதிப்பு 10,000 கோடி, வெயிட்டேஜ் 23.81%. ஃபண்ட் கையில் இருப்பதும் தானாகவே 250 கோடியாகிவிட்டது. மொத்தம் 1,050 கோடியில் அதுவும் 23.81% தான். ஒரு பங்குகூட வாங்க வேண்டியதில்லை. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது.

படி 4: இப்போது ஃப்ளோட் ஏறட்டும்

விலை பழையபடி 200. புரமோட்டர் 10% பங்குகளை வெளியாருக்கு விற்கிறார். ஃப்ளோட் 50% ஆகிறது. மதிப்பு மறுபடியும் 10,000 கோடி, வெயிட்டேஜ் மறுபடியும் 23.81%. ஆனால் ஃபண்டிடம் இருப்பது இன்னும் 200 கோடிதான். 238.1 கோடிக்கு இருக்க வேண்டும். குறைகிற 38.1 கோடிக்குச் சுமார் 19 லட்சம் பங்குகளை வாங்கியாக வேண்டும். அதற்கான பணம் 'ஆ', 'இ' பங்குகளைக் கொஞ்சம் விற்று வருகிறது. அந்த நிறுவனங்களில் எந்தக் குறையும் இல்லை, பாவம்!

படி 5: எப்போது வாங்கும்?

புரமோட்டர் விற்ற அன்றே பெரும்பாலும் இது நடக்காது. இண்டெக்ஸ் நிறுவனம் மாற்றத்தை முன்கூட்டியே அறிவித்து, ஒரு தேதியிலிருந்து அமலாக்கும். சிறிய ஃப்ளோட் மாற்றத்தை அடுத்த மறுஆய்வு வரை தள்ளிவைப்பதும் உண்டு. ஃபண்டுகள் பெரும்பாலும் அமலுக்கு முந்தைய வர்த்தக நாளின் முடிவு விலையில் வாங்கப் பார்க்கும். வேறு விலையில் வாங்கினால் இண்டெக்ஸோடு வித்தியாசம் விழும். டெஸ்லா 2020 டிசம்பர் 21, திங்கட்கிழமை அமெரிக்காவின் எஸ்&பி 500 இண்டெக்ஸில் சேர்ந்தது; பெரிய வாங்கல் 18-ஆம் தேதி வெள்ளிக்கிழமை முடிவிலேயே நடந்தது.

படி 6: பாரம் எவ்வளவு?

தேவையான பங்குகளைச் சராசரி தினசரி வர்த்தக எண்ணிக்கையால் வகுங்கள். நாளுக்கு 5 லட்சம் கைமாறும் பங்கில் 19 லட்சம் என்றால், ஏறக்குறைய நான்கு நாள் வர்த்தகம். விலை அசைய வாய்ப்புண்டு. தினமும் 2 கோடி கைமாறினால் இது தெரியவே தெரியாது.

இந்தக் கணக்கை அறிவிப்பு வந்ததுமே மற்றவர்களும் போட்டு, முன்னாடியே வாங்கி வைத்திருப்பார்கள். கடைசி நாளில் ஃபண்டுக்கு விற்பது அவர்கள்தான். வர்த்தக எண்ணிக்கை எகிறியும் விலை நகராமல் நின்றால், அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.