231 கன அடி எப்படி வந்தது? சூத்திரத்தில் அலகு சரிபார்க்கும் முறை

வெண்ணாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் குறுக்கே உள்ள சின்னத் தடுப்பணையைச் சீரமைக்க எழுதிய அறிக்கை, சரிபார்ப்பதற்காக என் கைக்கு வந்தது. அணைக்கு மேல் வழியும் தண்ணீர் வினாடிக்கு 231 கன அடி என்று போட்டிருந்தார்கள். மதகு பார்க்கும் லஸ்கர் அண்ணனிடம் சொன்னேன். "நூத்தி முப்பதைத் தாண்டுனாலே கரை தாங்காது தம்பி, இருநூறுக்கு எங்க போறது?" என்றார். கால்குலேட்டரில் திரும்பப் போட்டால் பெருக்கலில் பிழையே இல்லை. அறிக்கையில் இருந்தது இவ்வளவுதான்:

```
Q = 3.09 × L × H^1.5
L = 6 m,  H = 0.5 m
Q = 6.55 m^3/s = 231 கன அடி/வினாடி
```

L அணையின் நீளம். H அணையின் தட்டையான தலைக்கு மேல் நிற்கும் தண்ணீரின் உயரம், வேகத்துக்காகக் கூட்டும் சிறு உயரமும் சேர்த்து. Q வினாடிக்கு வழியும் அளவு.

முதலில் பென்சிலை எடுத்து ஒவ்வொரு எழுத்துக்குக் கீழும் அதன் அலகை எழுதுங்கள். எண்களை இப்போதைக்கு மறந்துவிடலாம். Q-வுக்கு m^3/s, L-க்கு m. H-க்கும் m தான், ஆனால் அதன் தலையில் 1.5 இருக்கிறது, அதனால் m^1.5. புதிதாகச் செய்பவர்கள் இந்த அடுக்கைத்தான் விட்டுவிடுவார்கள்.

அடுத்து இரண்டு பக்கத்தையும் எதிரெதிரே வையுங்கள்.

```
இடது:  m^3 / s
வலது:  m × m^1.5 = m^2.5
```

ஒத்துப்போகவில்லை. வலது பக்கம் அரை மீட்டர் அடுக்கு குறைகிறது, வினாடி என்பதே காணோம். இதனால் சூத்திரம் தப்பு என்று உடனே அடித்துவிடாதீர்கள். மிச்சமிருப்பது 3.09 ஒன்றுதான். குறைகிற m^0.5/s அதற்குள் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தண்ணீர் வழிவது புவியீர்ப்பால். புவியீர்ப்பு முடுக்கம் g-யின் அலகு m/s^2. அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் m^0.5/s, நாம் தேடியது அப்படியே கிடைக்கிறது! தட்டையான தலை உள்ள அணைக்கு, உராய்வு இழப்பு எதையும் கணக்கில் சேர்க்காத சூத்திரத்தின் முழு வடிவம் இது:

```
Q = 0.544 × √g × L × H^1.5
```

இதில் 0.544-க்கு அலகு கிடையாது. g-க்கு 9.81 போட்டால் 0.544 × √g என்பது 1.70. அடிக் கணக்கில் g-க்கு 32.2 போட்டால் 3.09. ஆக, அறிக்கையில் இருந்த 3.09 அடிக்கான எண். பழைய கோப்பிலிருந்து எடுத்து, மீட்டரில் அளந்த நீளத்தோடு பெருக்கிவிட்டார்கள். 1.70 போட்டுப் பாருங்கள்: 3.61 m^3/s, கிட்டத்தட்ட 127 கன அடி. லஸ்கர் அண்ணன் வாய்க்கணக்காகச் சொன்னதற்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது.

அதனால் என் பழக்கம் இது: அலகு எழுதாத எண் ஒன்று சூத்திரத்தின் முன்னால் நின்றால், அது அடிக்கா மீட்டருக்கா என்று கேட்காமல் பக்கத்தைத் திருப்ப மாட்டேன்.

அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. தலைக்கு மேல் அளந்த உயரம் h, வந்து சேரும் தண்ணீரின் வேகம் V, இவற்றிலிருந்து H-ஐக் கணக்கிட்ட வரி:

```
H = h + V/2g
```

கூட்டல் வந்தால் விதி இன்னும் கறார். கூட்டுகிற ஒவ்வொன்றுக்கும் ஒரே அலகு இருக்க வேண்டும். h மீட்டர். V/g என்பது m/s-ஐ m/s^2-ஆல் வகுப்பது, மிஞ்சுவது வினாடி. மீட்டரோடு வினாடியைக் கூட்ட முடியுமா? அங்கே V^2 இருந்திருக்க வேண்டும், தட்டச்சில் அந்த 2 விட்டுப்போய்விட்டது. வேகம் வினாடிக்கு 0.6 மீட்டர் என்றால் சரியான விடை 0.018, தப்பான விடை 0.031. இரண்டுமே சின்ன எண், பார்வைக்கு நம்பும்படியாக இருக்கின்றன. எண்ணை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது.

சரி, அலகு ஒத்துப்போனால் சூத்திரம் சரியா? இல்லை. 0.544-ஐ 0.455 என்று மாற்றி அடித்திருந்தாலும் அலகு ஒத்துத்தான் போகும். அதைவிட நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பது வேறு. டெல்டா சமதளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகால் நிரம்பினால் அணைக்குக் கீழேயும் தண்ணீர் ஏறி நிற்கும். இந்தச் சூத்திரமோ தண்ணீர் தடையில்லாமல் வழிந்து விழும்போது மட்டும் பொருந்துவது. கீழ்மட்டம் அணையின் தலைக்கு மேல் நன்றாக ஏறிவிட்டால் உண்மையில் போவது குறைவாக இருக்கும், அலகு அதைச் சொல்லாது. மழைக்காலத்தில் கீழ்ப்பக்கம் எவ்வளவு ஏறும் என்று லஸ்கர் அண்ணனிடமே இன்னொரு தடவை கேட்டு, அந்த மட்டத்தை அறிக்கையில் சேர்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.