ஸ்னாப்ஷாட்டை ஏழு நாளில் அழிய விடாதீர்கள்

சத்துவாச்சாரியில் என் அலுவலகத்துக்குச் சர்வர் வேலை கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் எல்லாரும் டிஸ்க்கின் அந்த நேரத்து நகலான ஸ்னாப்ஷாட்டைத் தானாக எடுக்க வைக்கிற இடத்தில் ஒரே எண்ணைத்தான் போடுகிறார்கள். ஏழு. போன மாதம் காட்பாடியிலிருந்து வந்த தம்பியும் அதையே போட்டுவிட்டு, "ஏழு நாள் போதும்ல அண்ணா, பில் ஏறிடும்" என்றான். நானும் அதே எண்ணைப் போட்டு, அதே காரணத்தைச் சொன்னவன்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். கீழே வருவதெல்லாம் அமேசான் கிளவுடில் ஸ்னாப்ஷாட்டைத் தானாக எடுத்து, பழையதை அழிக்கும் டேட்டா லைஃப்சைக்கிள் மேனேஜரை வைத்துச் சொல்வது.

## எத்தனை நாள் வைப்பது என்பதை டிஸ்க்கைப் பார்த்து முடிவு செய்வது

ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷூ மேற்பாகம் தைக்கும் நிறுவனம் ஒன்றுக்கு நான் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டிய தோலை வெளியே ஜாப் வொர்க்குக்கு அனுப்புவார்கள். எந்தச் சலானில் எத்தனை ஜோடி போனது, எத்தனை திரும்பியது என்ற கணக்கு முழுக்க அந்த ஒரே டிஸ்க்கில்தான். தினமும் ஒரு ஸ்னாப்ஷாட், ஏழு வைத்துக்கொள், எட்டாவது வந்தால் பழையதை அழி. இதுதான் என் ஏற்பாடு.

ஜூன் 14 அன்று, முடிந்துபோன சலான்களை வேறு டேபிளுக்கு மாற்றிவிட்டு மூல டேபிளிலிருந்து நீக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டினேன். பாதி திரும்பி, மீதி வரவேண்டிய சலான்களையும் அது "முடிந்தது" என்று எடுத்துக்கொண்டது. மாற்றும் பகுதி அவற்றை விட்டுவிட்டது, நீக்கும் பகுதி நீக்கிவிட்டது. 400-க்கும் மேற்பட்ட சலான்கள் போய்விட்டன. திரையில் எந்தப் பிழையும் வரவில்லை. அன்றாட வேலையில் யாரும் பழைய சலானைத் திறப்பதில்லை என்பதால் யாருக்கும் தெரியவும் இல்லை.

தெரிந்தது அக்டோபர் 18 அன்று. ஜாப் வொர்க்குக்கு அனுப்பிய சரக்குக்கு ஐடிசி-04 என்ற ஜிஎஸ்டி படிவம் உண்டு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தால் அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்ய வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான கணக்குக்குக் கடைசி நாள் அக்டோபர் 25. அதற்காகக் கணக்காளர் டேபிளைத் திறந்தபோதுதான் ஓட்டை தெரிந்தது. நடந்து 126 நாள் ஆகியிருந்தது. என் கையில் இருந்த மிகப் பழைய ஸ்னாப்ஷாட் அக்டோபர் 11. ஏழும் நல்ல நிலையில் இருந்தன, ஏழிலும் அந்தச் சலான்கள் இல்லை. காகிதச் சலான் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஆறு நாள் உட்கார்ந்து மறுபடி ஏற்றினார்கள். அவர்கள் ஏற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தது இன்னும் எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் ஜூன் மாதத் தொடக்கத்தில் எடுத்த ஒரே ஒரு ஸ்னாப்ஷாட் மிஞ்சியிருந்தால் போதும்.

ஏழு நாள் என்பது டிஸ்க் கெட்டுப்போனால், சர்வர் விழுந்தால் உதவும். அவை அன்றே தெரிகிற கோளாறுகள். தகவல் சத்தமில்லாமல் அழிந்தால், அடுத்து யாராவது அதைத் தேடும் நாளில்தான் தெரியும். அதனால் டிஸ்க்கின் அளவைக் கேட்காதீர்கள். கணக்காளரிடம் போய், "இந்த டேபிள்களில் நீங்க ரொம்ப நாள் திறக்காம இருக்கிறது எது, எப்போ திறப்பீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் இடைவெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக, கடைசி வரிசை ஸ்னாப்ஷாட் நிற்க வேண்டும்.

இப்போது நான் போடுவது மூன்று அடுக்கு: தினசரி 14, வாராந்திரம் 8, மாதாந்திரம் 13. ஒரே பாலிசிக்குள் நான்கு அட்டவணை வரை வைக்கலாம் என்பதால் இதற்குத் தனித்தனிப் பாலிசி தேவையில்லை. இரண்டு அட்டவணை ஒரே நேரத்தில் வந்தால் ஒரு ஸ்னாப்ஷாட் மட்டும் எடுத்து, அதிக நாள் வைக்கச் சொன்ன அட்டவணையின் கணக்கில் அதைச் சேர்த்துவிடும்.

சரி, பில்? முதல் ஸ்னாப்ஷாட் மட்டும்தான் முழுசு. அடுத்தடுத்தவை மாறிய பிளாக்குகளை மட்டும் சேமிக்கும். நடுவில் ஒன்றை அழித்தாலும் மற்றவற்றுக்குத் தேவையான பிளாக் போகாது. ஆகவே 35 ஸ்னாப்ஷாட் என்றால் 35 மடங்கு பணம் இல்லை. மாதம் முழுக்க மாறுவது பெரும்பாலும் டேட்டாபேஸின் அதே பக்கங்கள்தான், அதனால் மாதாந்திர ஸ்னாப்ஷாட் ஒவ்வொன்றும் ஒரு மாதத்து மாற்றங்களின் கூட்டுத்தொகையாகப் பெருகுவதில்லை.

பில் நிஜமாகவே ஏறினால் காரணம் வேறு இடத்தில் இருக்கும். அந்தத் தம்பியின் சர்வரில் தினமும் இரவு ஒரு மணிக்கு 6 ஜிபி டேட்டாபேஸ் டம்ப் அதே டிஸ்க்கில் விழுந்து, முந்தைய நாளுடையது அழிந்தது. உள்ளே இருக்கும் தகவல் ஒன்றுதான் என்றாலும், டிஸ்க்குக்கு அது தினம் 6 ஜிபி புதிய எழுத்து. ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் அதைச் சுமந்தது. டம்பை, பாலிசி தேடுகிற டேக் போடாத தனி டிஸ்க்குக்கு மாற்றச் சொன்னேன். அதன் பிறகு 13 மாதம் வைப்பது அவனுக்கும் பயமாக இல்லை.

ஓர் எல்லையும் உண்டு. ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டு அறிக்கையின் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைக்க வேண்டும். அதை ஸ்னாப்ஷாட்டின் தலையில் கட்டாதீர்கள். அதற்கு ஆண்டுக்கொரு ஏற்றுமதிக் கோப்பு போதும்.

## எண்ணிக்கையை நாள் என்று நினைப்பது

வைத்துக்கொள்ள வேண்டிய ஸ்னாப்ஷாட் 12 என்றால் 12 நாள் அல்ல. இரண்டு மணிக்கு ஒருமுறை எடுத்தால் 12 என்பது ஒரே நாள்.

## நேரம்

அட்டவணை யூடிசியில் ஓடும். நம் அதிகாலை 2 மணிக்கு அங்கே முந்தைய நாள் 20:30 என்று போட வேண்டும். அப்படிப் போட்டால் மாதத்தின் 1-ஆம் தேதி என்பது நமக்கு 2-ஆம் தேதி அதிகாலை. மாதக் கடைசிக் கணக்கைப் பிடிக்க நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். சொன்ன நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்தான் தொடங்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

## டேக்

எந்த டிஸ்க்கை ஸ்னாப்ஷாட் எடுப்பது என்பதைப் பாலிசி டேக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். அதில் `Backup` வேறு, `backup` வேறு.

## பட்டியலைப் பார்க்காமல் விடுவது

பாலிசி பச்சையாக இருப்பதை நம்பாமல், மிகப் பழையது எது என்று மாதம் ஒருமுறை பாருங்கள்:

```
aws ec2 describe-snapshots --owner-ids self \
  --filters Name=volume-id,Values=vol-0abc1234567890def \
  --query "sort_by(Snapshots,&StartTime)[].[StartTime,SnapshotId]" \
  --output table
```

முதல் வரியின் தேதிதான் நீங்கள் பின்னோக்கிப் போகக்கூடிய எல்லை.

## மீட்கும்போது முழு டிஸ்க்கையும் மாற்றுவது

நாலு மாதம் முந்தைய ஸ்னாப்ஷாட்டை அப்படியே சர்வரில் போட்டால் நாலு மாத வேலை போய்விடும். அதிலிருந்து புது டிஸ்க் ஒன்றை, சர்வர் இருக்கும் அதே ஸோனில் உருவாக்கி, இரண்டாவது டிஸ்க்காக இணைத்து, வேண்டிய டேபிளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் ஃபைல்சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் ஆக இருந்தால் மூல டிஸ்க்கும் இதுவும் ஒரே அடையாள எண்ணோடு இருப்பதால் மவுன்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். பதறி ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். இப்படிக் கொடுத்தால் திறக்கும் (டிஸ்க் பெயரை `lsblk` காட்டும்):

```
sudo mount -o ro,nouuid /dev/nvme1n1p1 /mnt/old
```

முதல்முறை படிக்கும்போது பிளாக்குகள் சேமிப்பிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கும், அதனால் மெதுவாகத்தான் நகரும். அது கோளாறு இல்லை, காத்திருங்கள்.