மைக் சத்தம் எவ்வளவு வைக்கலாம்? பத்து விநாடி சோதனையில் கண்டுபிடியுங்கள்

மைக்கை மாட்டியதும் எல்லாரும் செய்வது "ஹலோ, ஒன்று, இரண்டு, மூன்று". அந்தக் குரலில் அளவு வைத்துவிட்டுக் கதை சொல்ல உட்கார்ந்தால், பாட்டி "டேய்!" என்று அதட்டும் இடத்தில் பதிவு கரகரவென்று உடைகிறது. ஆகவே சோதனைக்கு எடுக்க வேண்டியது, நீங்கள் படிக்கப்போவதிலேயே சத்தம் அதிகமான வரியை.

யூஎஸ்பி மைக், விண்டோஸ் கணினி, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கடைசி வரை அந்த இடைவெளி மாறக் கூடாது. பாதி தூரத்துக்கு நெருங்கினாலே அளவு சுமார் 6 டெசிபல் ஏறிவிடும், செய்த சோதனையெல்லாம் வீண்.

அடுத்து விண்டோஸில் `Settings > System > Sound` போய், உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுத்து, `Input volume` அளவை 70-இல் வையுங்கள். ஆடாசிட்டியின் `View` மெனுவில் `Show Clipping` என்று தொடங்கும் வரியை டிக் செய்யுங்கள். உச்சியைத் தொட்ட இடங்கள் இனி சிவப்புக் கோடாகத் தெரியும்.

இப்போது பத்து விநாடி பதியுங்கள்: சாதாரணமாக இரண்டு வரி, பிறகு அந்த "டேய்!", கடைசியில் மூன்று விநாடி மௌனம். நான் செய்தபோது 70-இல் "டேய்" முழுக்கச் சிவப்பு. 55-க்குக் குறைத்து, அதே வரிகளை அதே குரலில் மறுபடி பதிந்தேன். சிவப்பு போய்விட்டது, ஆனாலும் மீட்டரில் உச்சம் -2 டெசிபல், அதாவது ஒலி உடையும் எல்லையான 0-க்கு மிக அருகில். அன்றைக்கு உற்சாகம் கொஞ்சம் கூடினால் மறுபடி உடையும். 42-இல் -8 வந்தது, அங்கேயே நிறுத்திக்கொண்டேன். இந்த எண்கள் என் மைக்குக்குத்தான், உங்களுக்கு வேறாக இருக்கும். உச்சம் -12-க்கும் -6-க்கும் நடுவில் விழுந்தால் போதும். மீட்டர் பார்க்கப் பழகாதவர்கள் அலையைப் பார்க்கலாம்: நடுக்கோட்டிலிருந்து விளிம்பு வரை உள்ள உயரத்தில், உயர்ந்த முகடு கால் பங்குக்கும் பாதிக்கும் இடையே நிற்க வேண்டும்.

பயந்துபோய் ரொம்பவும் இறக்கிவிடாதீர்கள். பிறகு சத்தத்தைக் கூட்டும்போது மின்விசிறி இரைச்சலும் சேர்ந்தே கூடும். மௌனமாகப் பதிந்த அந்த மூன்று விநாடியை ஹெட்போனில் கேட்டால் இது புரியும். ஆனால் சற்றுக் குறைந்த பதிவையாவது தூக்கி நிறுத்தலாம். உடைந்த பதிவில் அலையின் முகடு வெட்டுப்பட்டுப் போயிருக்கும், பிறகு சத்தத்தைக் குறைத்தாலும் வெட்டுப்பட்டது திரும்பாது.

சில நேரம் சிவப்பே இருக்காது, மீட்டரும் -10 காட்டும், குரல் மட்டும் கரகரக்கும். அந்த இடத்தில் அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். முகடுகள் மேசை போலத் தட்டையாக இருந்தால், ஒலி கணினிக்கு வரும் முன்பே உடைந்துவிட்டது என்று அர்த்தம். விண்டோஸில் எவ்வளவு குறைத்தும் பயனில்லை. மைக்கிலேயே உள்ள கெயின் திருகைக் குறையுங்கள், திருகு இல்லாவிட்டால் இன்னும் அரைச் சாண் தள்ளி உட்காருங்கள். பிறகு பழையபடி "டேய்!"