கையெழுத்துக்கு முன் பார்த்த அடிப்படைச் சம்பளம்

துபாயில் எலக்ட்ரீஷியன் வேலை, சம்பளம் 1,500 திர்ஹாம் என்றார் ஏஜென்ட். ஆஃபர் லெட்டரில் அடிப்படைச் சம்பளம் 700தான். மீதி 800 அலவன்ஸ். மொத்தம் சரிதானே என்று முதலில் விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. அங்கே ஓவர்டைமும் பணிக்கொடையும் அடிப்படையை வைத்துத்தான். 700ஐ 30 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு 2.92, ஓவர்டைமுக்குக் கால் பங்கு கூட்டினால் 3.65. அதுவே 1,200 என்றால் 6.25.

இன்னொன்று, அந்த 800க்குள்ளேயே வீட்டு வாடகையும் ஒளிந்திருந்தது. ஏஜென்ட் சொன்னதோ இலவச ரூம்!

கையெழுத்துப் போடாமல் திருத்தம் கேட்டேன். பத்து நாள் இழுத்தடித்தார்கள். அடிப்படை 1,200, தங்குமிடம் கம்பெனி பொறுப்பு, ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்ப டிக்கெட் என்று புதிய தாள் வந்த பிறகே கையெழுத்திட்டேன்.