நூலகக் கணினியில் வாட்ஸ்அப்: உங்கள் உரையாடலை வேறு யார் பார்க்கலாம், முறையாக வெளியேறுவது எப்படி

கனடாவுக்கு வந்த முதல் மாதங்களில் சொந்தக் கணினி இல்லாதவர்கள் பெரும்பாலும் பொது நூலகத்தின் கணினிகளையே நம்பியிருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தம், சட்டத்தரணி அனுப்பிய படிவம், ஊரிலிருந்து வந்த பிறப்புச் சான்றிதழின் படம் எல்லாமே வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். அவற்றை அச்சிடுவதற்காக நூலகக் கணினியில் web.whatsapp.com என்ற பக்கத்தைத் திறந்து, திரையில் தோன்றும் கியூஆர் குறியீட்டைக் கைத்தொலைபேசிக்குக் காட்டி இணைத்துவிடுவது பலரின் வழக்கம். அந்த இணைப்பு எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இணைத்த உடனேயே உங்கள் கைத்தொலைபேசி, அண்மைக்கால உரையாடல்களின் ஒரு பிரதியை அந்த உலாவிக்கு அனுப்பிவிடுகிறது. அதன்பின் அந்த உலாவி தனியே இயங்கும் ஒரு சாதனமாகக் கருதப்படுகிறது. உங்கள் தொலைபேசி அணைந்திருந்தாலும், நீங்கள் வீடு திரும்பிவிட்டாலும், புதிய செய்திகள் அங்கும் போய்ச் சேரும். உலாவியின் சாளரத்தை மூடுவதால் இந்த இணைப்பு அறுவதில்லை. அதே உலாவியில் அதே பக்கத்தை அடுத்தவர் திறந்தால், கடவுச்சொல் எதுவும் கேட்காமல் உங்கள் உரையாடல்கள் அவர் முன் விரியக்கூடும். உங்கள் தொலைபேசியை 14 நாட்களுக்குப் பயன்படுத்தாவிட்டால் இணைந்த சாதனங்கள் தாமாகவே விலகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் தொலைபேசியைத் தினமும் பார்ப்பவருக்கு அந்த விதி எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்காபரோவில் ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை நான்கரை மணிக்கு நூலகக் கணினியில் வாட்ஸ்அப்பை இணைத்து, படிவத்தைத் தரவிறக்கி அச்சிட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் முடிந்து திரை பூட்டிக்கொள்கிறது. வெளியேற அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. பல நூலகங்கள் ஒருவரின் நேரம் முடிந்ததும் கணினியை மறுதொடக்கம் செய்து, அதில் சேர்ந்த அனைத்தையும் துடைத்துவிடும் மென்பொருளை வைத்திருக்கின்றன. அவர் இருந்த கிளையிலும் அப்படி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, ஏனெனில் விடை அவர் கையிலுள்ள தொலைபேசியிலேயே இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பைத் திறந்து மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் Linked devices என்ற பகுதி வரும். ஐபோனில் அது அமைப்புகளுக்குள் இருக்கும். அங்கே இணைந்துள்ள ஒவ்வொரு சாதனமும், உலாவியின் பெயரும் இயங்குதளத்தின் பெயரும் சேர்ந்து, கடைசியாக இயங்கிய நேரத்தோடு காட்டப்படும். நம் உதாரணத்தில் இருப்பவர் Google Chrome, Windows என்ற ஒரு வரியைப் பார்ப்பார். கடைசியாக இயங்கிய நேரம் அவர் நூலகத்தை விட்டுப் புறப்பட்ட நேரத்தோடு நின்றிருந்தால், அதன்பின் அந்தக் கணினியில் அவருடைய கணக்கு திறக்கப்பட்டதற்கான அறிகுறி இல்லை. சனிக்கிழமை காலை நேரம் காட்டினால், அவர் அல்லாத யாரோ திறந்திருக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். இரண்டு நிலையிலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்த வரியை அழுத்தி Log out என்பதைத் தேர்ந்தெடுத்து விலக்கிவிடுவது. பட்டியலில் எது எந்தக் கணினி என்று குழப்பமாக இருந்தால் எல்லாவற்றையும் விலக்கிவிடுங்கள். சொந்த மடிக்கணினியை மறுபடி இணைக்க ஒரு நிமிடம் கூட ஆகாது.

இன்னோர் அடையாளமும் உண்டு. நீங்கள் இன்னும் திறக்காத செய்தி ஏற்கெனவே வாசிக்கப்பட்டதாகத் தெரிந்தால், வேறொரு திரையில் அது திறக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. நீங்கள் முன்பே வாசித்துவிட்ட பழைய உரையாடல்களை ஒருவர் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தால் உரையாடலில் எந்தத் தடயமும் விழாது. விலக்கிய பிறகும், அவர் அதற்கு முன் படித்தவற்றையோ படமெடுத்தவற்றையோ மீட்க வழியில்லை.

இத்தனையும் நேராமல் இருக்க, வாட்ஸ்அப்பை இணைப்பதற்கு முன்பே உலாவியில் தனிப்பட்ட சாளரத்தைத் திறந்துகொள்வது நல்லது. குரோமில் Ctrl+Shift+N, பயர்பாக்ஸில் Ctrl+Shift+P. இணைக்கும் பக்கத்தில் Stay logged in என்று தொடங்கும் பெட்டி இருந்தால் அதிலுள்ள குறியை எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் முதலில் வாட்ஸ்அப்பின் பட்டியலில் Log out கொடுத்து, கியூஆர் குறியீடு மறுபடி திரையில் தோன்றுவதைக் கண்ணால் பார்த்து, பின்னர் திறந்திருக்கும் தனிப்பட்ட சாளரங்கள் அனைத்தையும் மூட வேண்டும். ஒன்றை மட்டும் மூடாமல் விட்டாலும் அவற்றில் நுழைந்த கணக்குகள் அப்படியே இருக்கும். தரவிறக்கிய கோப்புகளைத் தனிப்பட்ட சாளரம் அழிப்பதில்லை என்பதால் Downloads கோப்புறையிலும் குப்பைத்தொட்டியிலும் இருந்து அவற்றை நீங்களே நீக்க வேண்டும். நேரம் முடிவதற்குப் பத்து நிமிடங்கள் இருக்கும்போதே இதைத் தொடங்கிவிடுங்கள், ஏனெனில் ஒதுக்கப்பட்ட நேரம் முடியும்போது கணினி உங்களுக்காகக் காத்திருக்காது.

ஜிமெயிலிலும் இதே சிக்கல்தான், ஆனால் சோதிக்கும் இடம் வேறு. கணினியில் ஜிமெயிலைத் திறந்தால் அஞ்சல் பட்டியலின் அடியில் வலப்பக்கம் Details என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதை அழுத்தினால் உங்கள் அஞ்சல் அண்மையில் எந்தெந்த நேரத்தில், எந்த வகை உலாவியிலிருந்து திறக்கப்பட்டது என்ற பட்டியலும், மற்ற அமர்வுகள் அனைத்தையும் முடிக்கும் பொத்தானும் வரும். தொலைபேசியிலிருந்து பார்ப்பவர்கள் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் Your devices என்பதைத் தேட வேண்டும். இருபடிச் சரிபார்ப்பின்போது இந்தக் கணினியில் மறுபடி கேட்க வேண்டாம் என்ற பெட்டி தோன்றினால், அதில் குறி இருக்கவே கூடாது. வெளியேறிய பின்னும் உள்நுழையும் பக்கத்தில் உங்கள் முகவரி நின்றால் Remove an account கொடுத்து அதையும் எடுத்துவிடலாம்.

தனியார் இணைய மையங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அங்குள்ள மேலாண்மை மென்பொருள்கள் பலவற்றில், முன்மேசையில் இருப்பவர் ஒவ்வொரு கணினியின் திரையையும் தன் திரையிலேயே பார்க்கும் வசதி உண்டு. செய்திகள் வழியில் மறைகுறியாக்கப்பட்டுச் செல்வது இதற்கு எதிராக உதவாது, ஏனெனில் உங்கள் கண்ணுக்குத் தெரியும் வடிவில்தான் அவரும் பார்க்கிறார். விசைப்பலகையின் கம்பிக்கும் கணினிக்கும் நடுவே விரல்நுனி அளவில் ஏதாவது செருகப்பட்டிருந்தால், தட்டுவதையெல்லாம் பதிவுசெய்யும் கருவியாக அது இருக்கலாம். அதே வேலையைச் செய்யும் மென்பொருளோ கண்ணுக்கே தெரியாது. அங்கே வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். தட்ட நேர்ந்துவிட்டால், அன்றே உங்கள் சொந்தத் தொலைபேசியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதே மையத்தின் இன்னொரு கணினியில் மாற்றினால் புதியதும் பதிவாகிவிடக்கூடும்.

அச்சிடுவது மட்டுமே தேவையென்றால் கணக்கை இணைக்காமலேயே முடிக்கலாம். பல பொது நூலகங்களில், தொலைபேசியிலிருந்தே கோப்பை இணையத்தின் வழியாகவோ மின்னஞ்சலாகவோ அச்சுப்பொறிக்கு அனுப்பி, அட்டை எண்ணைக் கொடுத்து எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. உங்கள் கிளையில் அது உண்டா என்று முன்மேசையில் கேட்டால் எப்படிச் செய்வது என்றும் காட்டித் தருவார்கள்.