டி-ஷர்ட்டில் அச்சடிக்கும் முன் ஃபான்ட் உரிமம்

மகள் பிறந்தநாளுக்கு ஒரு டி-ஷர்ட் அடித்துக் கொடுத்தால் அது சொந்தப் பயன்பாடு. அதே டிசைனை 250 ரூபாய்க்கு விற்றால், ஒன்றே ஒன்று விற்றாலும், வணிகப் பயன்பாடு. ஃபான்ட்கள் கிடைக்கும் டாஃபான்ட் தளத்தில் டவுன்லோட் பட்டனுக்கு மேலே Free for personal use என்று இருந்தால் விற்பனைப் பொருளில் அந்த எழுத்து கூடாது. வடிவமைத்தவரிடம் உரிமம் வாங்க வேண்டும். வாங்கும்போதும் கவனம்: சில சாதாரண வணிக உரிமங்கள் லோகோ, விளம்பரத்தோடு நின்றுவிடும், விற்கும் பொருளுக்குத் தனி உரிமம் கேட்பார்கள். ஜிப்புக்குள் இருக்கும் உரிமக் கோப்பை (யாரும் திறப்பதே இல்லை!) படித்துவிடுங்கள். ஜிப்பில் OFL.txt, அதாவது ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்ற திறந்த உரிமத்தின் கோப்பு, இருந்தால் கவலையில்லை. கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள கேட்டமரான், முக்தா மலர், பவனம் எல்லாம் இந்த வகைதான். கப், பை, சட்டை எதிலும் அச்சடித்து விற்கலாம்; ஃபான்ட் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது.